கையைத் தூக்கிவிட்டேன் என்று அவர் சொல்லும்போது

1974 டிசம்பர் 31 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ் பஹாமாஸ் தீவுகளில் விடுமுறையில் இருந்தார். அப்போது அவருக்கு வயது 76. அன்று அவருக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் வலது பாதி பாதிக்கப்பட்டு, இடது கையும் காலும் விழுந்துவிட்டன. அதற்குப் பிறகு சக்கர நாற்காலிதான். ஆனால் பக்கவாதம் என்பதெல்லாம் கட்டுக்கதை, கீழே விழுந்ததில் கையில் அடிபட்டது, அவ்வளவுதான் என்று அவர் சொன்னார். பார்க்க வந்த நிருபர்களைத் தன்னோடு மலையேற வரும்படி அழைத்தார். உடற்பயிற்சியின்போது செயலிழந்த அந்தக் காலாலேயே பந்தை வெகுதூரம் உதைப்பதாகச் சொன்னார் என்பதும் பதிவாகியிருக்கிறது. அவர் ஒருவரின் வாக்கால் தீர்ப்பு மாறிவிடும் என்கிற வழக்குகளைச் சக நீதிபதிகள் தள்ளிப்போட வேண்டியிருந்தது. கடைசியில் 1975 நவம்பரில் ஓய்வு பெற்றார். அதன் பிறகும் தான் நீதிபதிதான் என்பதுபோல் வழக்குகளில் பங்கெடுக்க முயன்றார்.

இவர் 1939 முதல் அந்தப் பதவியில் இருந்தவர், கூர்மையான புத்திக்குப் பேர்போனவர். பதவி ஆசையால் பொய் சொன்னார் என்று அன்றைக்குப் பலர் நினைத்திருக்கலாம். நரம்பியல் படித்தவர்களுக்கு இந்தக் கதை வேறு மாதிரி கேட்கும். வலது மூளைப் பக்கவாதத்துக்குப் பிறகு வரும் அனோசக்னோசியா என்கிற நிலையின் சாயல் இதில் அப்படியே இருக்கிறது. தனக்கு வந்த ஊனத்தை நோயாளியே அறியாமல் இருப்பதுதான் அது.

பக்கவாதம் வந்தவர்களுக்குப் பிசியோதெரபி கொடுப்பது என் வேலை. இந்த நிலையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாகவே நினைத்திருக்கிறேன். நோயாளியின் கை விழுந்ததைக்கூடக் குடும்பத்தார் தாங்கிக்கொள்கிறார்கள். "எனக்கு ஒண்ணுமில்லையே" என்று அவர் சொல்வதுதான் அவர்களை உடைத்துவிடுகிறது. வீம்பு என்கிறார்கள், நடிப்பு என்கிறார்கள், புத்தி பேதலித்துவிட்டதா என்று கேட்கிறார்கள். மருத்துவப் பணியாளர்களிலேயே சிலர், "இடது பக்கம் கவனம் போகல, நெக்லெக்ட்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். இவை எல்லாமே தவறு. ஏன் தவறு என்று விளக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இவர் நான் பார்த்த பலரைச் சேர்த்து வரைந்த உருவம். யாருடைய அடையாளமும் தெரியக் கூடாது என்பதற்காகவே இப்படி. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். வலது பக்கத்து நடுப் பெருமூளைத் தமனியில் அடைப்பு. மூன்றாம் நாள். முழு நினைவோடு இருக்கிறார். தேதி, ஊர், பிரதமர் பெயர் எல்லாம் சரியாகச் சொல்கிறார். இடது கையில் அசைவு துளியும் இல்லை.

"சார், எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேம்மா. சாப்பாடுதான் சரியில்ல."

"எதுக்கு இங்க வந்தீங்க சார்?"

"பிரஷர் கொஞ்சம் ஏறிடுச்சுன்னாங்க."

"கை கால்ல பலம் எப்படி இருக்கு?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"வலது கையைத் தூக்குங்க." தூக்குகிறார். "இப்ப இடது கை." ஒரு நொடி அமைதி. அப்புறம், "தூக்கிட்டேனே" என்கிறார். கை போர்வை மேல் கிடக்கிறது. "எனக்குத் தெரியலையே சார்" என்றால், "நீங்க சரியாப் பார்க்கலம்மா" என்று பொறுமையாகப் பதில் வருகிறது, வகுப்பில் கவனிக்காத பிள்ளையிடம் சொல்வதுபோல.

நான் கேட்ட வரிசை தற்செயலானது அல்ல. 1986இல் இத்தாலிய நரம்பியலாளர் எத்வார்தோ பிசியாக்கும் அவருடைய குழுவினரும் வகுத்த அளவுகோல் இப்படித்தான் படிப்படியாகப் போகும். "என்ன தொந்தரவு?" என்று பொதுவாகக் கேட்டதுமே கை வரவில்லை என்று சொன்னால் 0. கை கால் பலத்தைப் பற்றிக் குறிப்பாகக் கேட்ட பிறகு சொன்னால் 1. தூக்கச் சொல்லி, முடியாததைக் காட்டிய பிறகு ஒப்புக்கொண்டால் 2. காட்டிய பிறகும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் 3. தலைமையாசிரியருக்கு 3.

இதில் ஒரு பொறி உண்டு. 1 வாங்குகிற பலர் உண்மையில் கை விழுந்ததை அறிந்தே இருக்கிறார்கள். பேச்சு குழறுவது போன்ற வேறொரு தொந்தரவு அவர்களுக்குப் பெரிதாகப் படுவதால் அதை முதலில் சொல்கிறார்கள், அவ்வளவுதான். ஜெர்மனியில் பயரும் கார்நாத்தும் 2005இல் இதைச் சுட்டிக்காட்டினார்கள். 1 வாங்கியவர்களைக் கழித்துவிட்டால், பக்கவாதத்தின் ஆரம்ப நாட்களில் கை கால் விழுந்தவர்களில் 10 முதல் 18 சதவீதம் பேருக்கே உண்மையான அனோசக்னோசியா இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. பழைய புத்தகங்களில் காணும் பெரிய எண்களுக்கு இந்தக் கலப்பும் ஒரு காரணம். அதனால் ஒரே கேள்வி கேட்டுவிட்டு நோயாளி மேல் முத்திரை குத்தக் கூடாது.

இந்த நிலைக்குப் பெயர் வைத்தவர் ஜோசப் பாபின்ஸ்கி. உள்ளங்காலைக் கீறிப் பார்க்கும் சோதனைக்குப் பெயர் கொடுத்த அதே பிரெஞ்சு மருத்துவர். 1914இல் பாரீஸ் நரம்பியல் சங்கத்தில் இடது பக்கம் செயலிழந்த இரண்டு பெண்களைப் பற்றிப் பேசினார். ஒருவரிடம் வலது கையை அசைக்கச் சொன்னால் உடனே அசைத்தார். இடது கையை அசைக்கச் சொன்னால், அந்தக் கேள்வி வேறு யாருக்கோ போனதுபோல் சும்மா இருந்தார். இன்னொருவர் கையை அசைக்காமலேயே, "இதோ, ஆயிற்று" என்றார். எனக்கு இந்த இரண்டாவது பெண்தான் முக்கியம். முதலாமவரின் மௌனத்தைக் கவனக்குறைவு என்றுகூட விளக்கிவிடலாம். "ஆயிற்று" என்பது அப்படியல்ல. நடக்காத ஒன்றை நடந்ததாக அவர் உணர்கிறார். இல்லாத ஒரு அனுபவம் அங்கே புதிதாக உண்டாகிறது.

சரி, நெக்லெக்ட் என்றால் என்ன? அதுவும் வலது மூளை அடிபட்டால்தான் அதிகம் வரும், அனோசக்னோசியாவோடு சேர்ந்தும் அடிக்கடி வரும். குழப்பத்துக்குக் காரணமே இதுதான். நெக்லெக்ட் இருப்பவர் தட்டில் வலது பாதிச் சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, சோறு போதவில்லை என்பார். முகத்தில் வலது பாதியை மட்டும் சவரம் செய்வார். ஒரு கோடு வரைந்து அதன் நடுவில் குறி வைக்கச் சொன்னால், குறி வலப்பக்கம் தள்ளி விழும். கண் பார்வை நன்றாக இருந்தாலும் இப்படி நடக்கும். கவனம் இடப்பக்கம் போகமாட்டேன் என்கிறது.

இது கற்பனைக்குள்ளும் தொடர்கிறது என்பதை 1978இல் பிசியாக்கும் லுசாத்தியும் மிலானில் காட்டினார்கள். அந்த நகரத்தைச் சேர்ந்த இரண்டு நோயாளிகளிடம், பெரிய தேவாலயத்தைப் பார்த்தபடி சதுக்கத்தில் நிற்பதாக நினைத்து, சுற்றிலும் என்னென்ன இருக்கின்றன என்று சொல்லச் சொன்னார்கள். வலப்பக்கத்துக் கட்டடங்களே அதிகம் வந்தன. பிறகு தேவாலயத்தின் வாசலில் நின்று எதிர்த் திசையைப் பார்ப்பதாக நினைக்கச் சொன்னார்கள். முன்பு சொல்லாமல் விட்ட கட்டடங்கள் இப்போது வந்தன, முன்பு சொன்னவை காணாமல் போயின. ஆக, நினைவு அழியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கத்தின் இடது பாதி மட்டும் கவனத்துக்கு எட்டவில்லை.

இப்போது வேறொரு நோயாளியைப் பாருங்கள். இவரும் பலரைச் சேர்த்த உருவம்தான். சந்தையில் காய்கறிக் கடை வைத்திருந்த பாட்டி. நெக்லெக்ட் கடுமையாக இருக்கிறது. இடப்பக்கம் நின்று பேசினால் வலப்பக்கம் திரும்பித் தேடுவார். தட்டில் பாதி அப்படியே கிடக்கும். ஆனால் உள்ளே போய், "என்ன பாட்டி செய்யுது?" என்று கேட்டால் முதல் வார்த்தையே, "இந்தக் கை செத்துப்போச்சு தாயி, எப்ப வரும்?" என்பதுதான். கடுமையான நெக்லெக்ட், ஆனால் அனோசக்னோசியா இல்லை. இதற்கு நேர்மாறாக, கோட்டின் நடுவை ஓரளவு சரியாகக் குறித்து, தட்டைக் காலி செய்து, இரண்டு பக்கமும் பார்த்துப் பேசிக்கொண்டே, "கை நல்லாத்தான் இருக்கு" என்று சாதிப்பவர்களும் இருக்கிறார்கள். பிசியாக் குழுவின் 1986 ஆய்வு கண்டதும் இதையேதான்: ஒன்று இல்லாமல் மற்றொன்று வரலாம், இரண்டு திசையிலும். ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்றால் இப்படி நடக்க வழியில்லை.

படுக்கை அருகிலேயே இதைச் சோதித்துப் பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. செயலிழந்த இடது கையை மெதுவாக எடுத்து, நோயாளியின் வலப்பக்கத்துக்கு, அவர் நன்றாகப் பார்க்கும் இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். தோளை இழுத்துவிடாமல் முழங்கைக்குக் கீழே தாங்கிப் பிடிக்க வேண்டும். "இது யார் கை?" என்று கேட்க வேண்டும். தலைமையாசிரியர், "என் கைதான்" என்பார். விரலைத் தொட்டுக் காட்டினால், "அது என் மோதிர விரல்" என்றுகூடச் சொல்வார். கவனம் அங்கே வந்துவிட்டது என்பது இதிலிருந்து தெரிகிறது. "இப்ப ஆட்டுங்க சார்" என்றால், கண்முன் அசையாமல் கிடக்கும் கையைப் பார்த்துக்கொண்டே, "ஆட்டுறேனே" என்பார். நெக்லெக்ட் மட்டும்தான் காரணம் என்றால் கையைக் காட்டியதும் பிரச்சினை தீர்ந்திருக்க வேண்டும். சிலருக்குத் தீரவும் செய்கிறது. அவர்களின் மறுப்பில் கவனக்குறைவுக்கும் பங்கு இருந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். பெரும்பாலானவர்களுக்குத் தீர்வதில்லை.

(சிலர், "இது என் கையே இல்லை, என் மகனோட கை" என்பார்கள். அது சொமட்டோபாராஃப்ரீனியா என்கிற இன்னொரு நிலை. அதுவும் இதன் அருகிலேயே வரும், ஆனால் இங்கே அதற்குள் போகவில்லை.)

அப்படியானால் அந்த "ஆட்டுறேனே" எங்கிருந்து வருகிறது?

நாம் கையைத் தூக்கும்போது மூளை தசைகளுக்குக் கட்டளை அனுப்புவதோடு நிற்பதில்லை. அந்தக் கட்டளையால் கை எங்கே போகும், எப்படி உணரும் என்று ஒரு முன்கணிப்பையும் கூடவே தயாரிக்கிறது. இருட்டில் படியேறும்போது, இன்னும் ஒரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்துத் தடுமாறியிருப்பீர்கள். கால் தரையைத் தொடும் முன்பே இல்லாத படியின் உயரம் காலுக்குத் தெரிந்திருந்தது இல்லையா, அதுதான் முன்கணிப்பு. உடலிலிருந்து வரும் செய்தி அதோடு பொருந்தாததால் 'அடடா' என்று உணர்ந்தீர்கள். கையை அசைத்தேன் என்கிற உணர்வில் பெரும்பகுதி தசையிலிருந்து திரும்பி வரும் செய்தியால் வருவதல்ல, இந்த முன்கணிப்பிலிருந்தே வருகிறது. எல்லாம் திட்டப்படி நடக்கும்வரை திரும்பி வரும் செய்தியை மூளை பெரிதாகக் கவனிப்பதுகூட இல்லை.

பக்கவாதத்தில் கட்டளையைத் தசைக்குக் கொண்டுபோகும் பாதை அறுந்துவிட்டது. ஆனால் திட்டம் போடும் பகுதி மிச்சமிருந்தால் முன்கணிப்பு வழக்கம்போல் உருவாகும். 'தூக்கினேன்' என்கிற உணர்வும் வரும். கை அசையாத எல்லோருக்கும் இது நேரலாம், ஆனால் பெரும்பாலானோருக்கு உடனே அந்த 'அடடா' வந்துவிடும். அனோசக்னோசியாவில் ஒப்பிட்டுப் பார்க்கும் அமைப்பும் சேர்ந்து அடிபட்டிருப்பதால் 'அடடா' வருவதில்லை. முன்கணிப்பு தட்டிக்கேட்க ஆளில்லாமல் அனுபவமாகவே நின்றுவிடுகிறது.

இதை வெறும் ஊகம் என்று தள்ள முடியாதபடி இரண்டு சோதனைகள் இருக்கின்றன. முதலாவது 2008இல் ஃபோட்டோபூலூவும் குழுவினரும் செய்தது. நோயாளியின் இடப்பக்கத்தில், அவருடைய கைபோலவே தோன்றும்படி ஒரு ரப்பர் கையை வைத்தார்கள். ஒரு முறை, "நீங்களே கையைத் தூக்குங்கள்" என்றார்கள். இன்னொரு முறை, "நாங்கள் தூக்கிவிடுகிறோம், நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம்" என்றார்கள். ரப்பர் கை சில முறை அசைந்தது, சில முறை அசையவில்லை. கை அசைந்ததா என்று ஒவ்வொரு முறையும் கேட்டார்கள். அனோசக்னோசியா உள்ள நான்கு பேரும், கை விழுந்தும் அனோசக்னோசியா இல்லாத நான்கு பேரும் இதில் இருந்தார்கள். தாங்களே தூக்க நினைத்தபோது, அசையாத கையை அசைந்ததாக அனோசக்னோசியா உள்ளவர்கள் சொல்வது அதிகமாக இருந்தது. வேறொருவர் தூக்குவதாகச் சொன்னபோது, அதே கை, அதே இடம், அதே இடப்பக்கம், ஆனால் அசையவில்லை என்பதை அவர்களால் இன்னும் நன்றாகக் கண்டுகொள்ள முடிந்தது.

நெக்லெக்ட்டிலிருந்து இது எங்கே பிரிகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சோதனையை நான் பார்த்ததில்லை. கவனக்குறைவுதான் காரணம் என்றால் யார் தூக்க நினைத்தாலும் தவறு ஒரே அளவில் இருந்திருக்க வேண்டும். தூக்க வேண்டும் என்கிற சொந்த எண்ணம் வந்தபோதுதான் கண் கண்டது தோற்றது.

இரண்டாவது சோதனை 2012இல் கார்பரினியும் தூரின் நகரத்துக் குழுவினரும் செய்தது. நீங்களே முயன்று பாருங்கள்: வலது கையால் மேலும் கீழுமாக நேர்க்கோடு போட்டுக்கொண்டே, இடது கையால் வட்டம் போடுங்கள். நேர்க்கோடு நேராக நிற்காது, முட்டை வடிவமாகக் கோணும். இடது கைக்குப் போட்ட திட்டம் வலது கையின் வேலைக்குள் கசிந்துவிடுகிறது. கை விழுந்ததை அறிந்த நோயாளிகளிடம் இடது கையால் வட்டம் போட முயலச் சொன்னபோது வலது கை நேர்க்கோட்டை நேராகவே போட்டது. அனோசக்னோசியா உள்ளவர்களுக்கோ, இடது கை அசையாமல் கிடக்க, வலது கையின் கோடு கோணியது, நல்ல ஆரோக்கியமானவர்களுக்குக் கோணுவதைப் போலவே.

இதை முதலில் படித்தபோது நெடுநேரம் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். வாய் பொய் சொல்லலாம், வீம்பு பிடிக்கலாம். வலது கை போடும் கோட்டை அப்படி வீம்புக்காக ஆரோக்கியமானவரைப் போல் கோணவைக்க ஒரு நோயாளிக்கு என்ன வழி? அவருடைய மூளைக்குள் இடது கை வட்டம் போட்டுக்கொண்டிருந்தது. "ஆட்டுறேன்" என்று அவர் சொன்னது, அவருக்குள் நடந்ததைப் பொறுத்தவரை உண்மையான சாட்சியம்.

ஆனால் இந்த விளக்கம் ஒரு நொடி அனுபவத்துக்குத்தான் போதும். நாள் முழுக்க சக்கர நாற்காலியில் உட்கார்ந்தும், சட்டை மாட்டப் பிறர் உதவியை வாங்கியும், வாரக்கணக்கில் ஒருவர் 'எனக்கு ஒன்றுமில்லை' என்று எப்படி நம்புகிறார்? இத்தனை சான்றுகளும் ஏன் ஒட்டுவதில்லை? இங்கே இன்னொரு இழப்பையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு தோல்வியையும் நினைவில் வைத்து, 'இனி நான் இப்படித்தான்' என்று தன்னைப் பற்றிய எண்ணத்தைத் திருத்திக்கொள்ளும் திறன் அது. 2019இல் பச்செல்லாவும் குழுவினரும் 174 நோயாளிகளின் மூளைப் படங்களை வைத்துச் செய்த ஆய்வு இதோடு பொருந்துகிறது. அசைவைத் திட்டமிட்டுக் கண்காணிக்கும் பாதை, முக்கியமானதன் மீது கவனத்தைத் திருப்பும் பாதை, உணர்ச்சியும் நினைவும் சார்ந்த லிம்பிக் பாதை ஆகிய மூன்றிலும் இணைப்புகள் அறுபடும்போது இந்த நிலை உருவாகிறது என்றது அந்த ஆய்வு. அதற்கு முன்பே, 2005இல், பெர்த்தியின் குழு அசைவைத் திட்டமிடும் முன் இயக்கப் பகுதிகளையும், கார்நாத்தின் குழு மூளையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் வலது இன்சுலாவையும் காரணமாகக் காட்டியிருந்தன. கவனப் பாதையும் இந்தப் பட்டியலில் இருப்பதைப் பாருங்கள். நெக்லெக்ட்டும் இதுவும் அடிக்கடி சேர்ந்து வருவதற்கான காரணம் ஓரளவு இங்கேயே புரிகிறது.

'மனசு தாங்காமல் மறைக்கிறார்' என்பது குடும்பங்களில் அதிகம் கேட்கும் விளக்கம். 1950களில் வைன்ஸ்டைனும் கானும் இதே கருத்தை விரிவாக எழுதினார்கள், தாங்க முடியாத இழப்பை மனம் தள்ளிவைக்கிறது என்று. கனிவான விளக்கம்தான், அதைச் சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அதோடு பொருந்தாத விஷயங்கள் நிறைய. மனத்தின் தற்காப்பு என்றால் வலது கை விழுந்தவருக்கும் அதே அளவு வர வேண்டும். அவருக்கு இழப்பு இன்னும் பெரிது, எழுதும் கையே அது. (இடது மூளை அடிபட்டால் பேச்சும் போய்விடுவதால் அவர்களைச் சரியாகச் சோதிக்க முடிவதில்லை என்பது நியாயமான ஆட்சேபம். பேச்சில்லாமல் படங்களை வைத்துச் சோதித்தபோது அவர்களிலும் பலருக்கு இது இருப்பது தெரிந்தது. இருந்தாலும் வலது மூளையின் பங்கு பெரிது என்பதில் பொதுவான ஒப்புதல் இருக்கிறது.) அப்புறம், கை விழுந்ததை மறுத்துக்கொண்டே கால் வரவில்லை என்று ஒப்புக்கொள்பவர்கள் உண்டு. மனம் இப்படிக் கணக்குப் பார்த்து மறைப்பதில்லை.

எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு குளிர்ந்த நீர். இடது காதுக்குள் குளிர்ந்த நீரை விட்டால் உள்காதின் சமநிலை நரம்பு தூண்டப்பட்டு வலது மூளையின் பல பகுதிகள் சுறுசுறுப்பாகின்றன. நெக்லெக்ட் இதனால் சற்று நேரம் குறையும் என்பது முன்பே தெரிந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவில் ஆய்வு செய்யும் வி.எஸ். ராமச்சந்திரன், 1995இல் இதை அனோசக்னோசியா உள்ள ஒரு மூதாட்டியிடம் செய்து பார்த்தார். நீர் விட்ட பிறகு, தன் இடது கை செயலிழந்திருப்பதை அவர் சாதாரணமாகச் சொன்னார். எவ்வளவு நாளாக என்று கேட்டதற்கு, இத்தனை நாளும்தான் என்றார். மறுத்துக்கொண்டிருந்த நாட்களிலும் உண்மை எங்கோ பதிவாகிக்கொண்டே இருந்திருக்கிறது. சில மணி நேரம் கழித்துக் கேட்டபோது பழையபடி மறுத்தார், ஒப்புக்கொண்டதையே மறுத்தார். ஒருவருடைய மனத்தின் அரணைக் கொஞ்சம் குளிர்ந்த நீர் சற்று நேரத்துக்குத் திறந்து மூடிவிடாது. இதை வீட்டில் யாரும் முயலக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தலைசுற்றலும் வாந்தியும் வரும், பலனும் நிலைக்காது.

உள்ளே எங்கோ பதிவாகியிருக்கும் அந்த அறிவு, நடைமுறையில் வேறொரு விதத்திலும் தலைகாட்டும். ஒரு தட்டத்தில் பிளாஸ்டிக் டம்ளர்களை வைத்துத் தூக்கச் சொல்வேன். கை விழுந்ததை அறிந்தவர் வலது கையைத் தட்டத்தின் அடியில் நடுவில் கொடுப்பார். அறியாதவர் வலது ஓரத்தைப் பிடிப்பார், இடது கை மறு ஓரத்தைப் பிடிக்கும் என்கிற நம்பிக்கையில். சிலர் வாயால் மறுப்பார்கள், கையோ நடுவில் போகும். சிலர், "ஆமா, கை வரல" என்று ஒப்புக்கொள்வார்கள், ஆனால் ஓரத்தைப் பிடிப்பார்கள். எனக்கு அதிகம் பயம் தருவது இந்த இரண்டாவது வகை. இவர்களுக்குப் புரிந்துவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். இரவு இரண்டு மணிக்குக் கழிப்பறைக்குப் போக, இரண்டு காலும் இருக்கிறது என்கிற எண்ணத்தில் எழுந்து விழுவது இவர்கள்தான். வாய் சொல்வதை மட்டும் வைத்து, படுக்கையின் பக்கத் தடுப்பை எடுத்துவிடாதீர்கள்.

ஆபத்து ஆஸ்பத்திரிக்கு வரும் முன்பே தொடங்கிவிடுகிறது. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். வலது மூளைப் பக்கவாதம் வந்தவர் தனக்கு ஒன்றுமில்லை என்பார், கொஞ்சம் படுத்தால் சரியாகிவிடும் என்பார். நன்றாகப் பேசுவதால் வீட்டாரும் நம்பிவிடுவார்கள். வாய் ஒரு பக்கம் கோணி, இடது கை தொங்கினால், அவர் என்ன சொன்னாலும் 108ஐக் கூப்பிடுங்கள்.

இனி, வீட்டாரும் நாங்களும் என்ன செய்யலாம் என்பது. வாதாடுவதில் பலனில்லை. "கையைப் பாருங்க, அசையுதா?" என்று பத்து முறை கேட்டால் மூட்டுவலி, களைப்பு, தூக்கம் வருகிறது என்று பத்துக் காரணம் வரும். உணர்வில் இல்லாத இடைவெளியை மூளை அவ்வப்போது கிடைத்ததைக் கொண்டு நிரப்புகிறது. கேட்பவருக்குக் கோபமும் நோயாளிக்கு அவமானமுமே மிஞ்சும். அதைவிட, பாதுகாப்பான ஒரு வேலையைக் கொடுத்து, முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு, அவர் செய்து பார்த்த பிறகு, என்ன ஆனது என்று அவர் வாயாலேயே சொல்லவைப்பது மேல். மெதுவான வேலைதான்.

நான் பெரிதும் நம்புவது வீடியோவை. 2009இல் ஃபோட்டோபூலூ குழுவினர் ஒரு நோயாளியைக் கையைத் தூக்கச் சொல்லிக் கேட்கும்போதே படமெடுத்து, பிறகு அவருக்கே போட்டுக் காட்டினார்கள். பார்த்த உடனேயே அவர் தன் நிலையை ஒப்புக்கொண்டார், அந்தத் தெளிவு நிலைத்தும் நின்றது. காரணம் மேலே சொன்னதிலேயே இருக்கிறது: படம் பார்க்கும்போது அவர் கையைத் தூக்க எண்ணவில்லை. எண்ணம் இல்லாததால் முன்கணிப்பு இல்லை. முன்கணிப்பு இல்லாததால் கண் காண்பதை எதுவும் மறைக்கவில்லை. தன்னையே வெளியிலிருந்து, இன்னொருவரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார். எல்லோருக்கும் இது பலிக்கும் என்று சொல்ல மாட்டேன், இதுவரை சோதித்தவர்கள் மிகச் சிலரே. செய்வதானால் அவருடைய சம்மதத்தோடு செய்யுங்கள், வலப்பக்கத்தில் போனைப் பிடியுங்கள், நெக்லெக்ட்டும் கூட இருந்தால் இடப்பக்கம் பிடித்த போன் அவருக்கு எட்டாது. அறையில் உறவினர் கூட்டம் வேண்டாம். "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

பெரும்பாலானோருக்கு இந்த மறுப்பு சில நாட்களில் அல்லது வாரங்களில் தானாகவே கரைந்துவிடுகிறது. சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். கரைவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. காலையில் ஒப்புக்கொண்டு மாலையில் மறுப்பார்கள். ஒப்புக்கொண்ட பிறகும் கொஞ்ச நாள், யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் சலனமில்லாமல் சொல்வார்கள். பாபின்ஸ்கி இந்த அலட்சியத்தையும் கவனித்து, அதற்கும் அனோசடயஃபோரியா என்று தனிப் பெயர் வைத்தார். அதற்கும் பிறகுதான் அழுகை வருகிறது. மற்றவர்கள் முதல் நாளே அழுது தீர்த்துவிட்ட இழப்பு இவர்களுக்கு மூன்றாவது வாரத்தில் புதிதாக வந்து சேர்கிறது. அதற்குள் பார்க்க வந்த உறவினர்கள் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள், மகன் வேலைக்குப் போயிருப்பான். இந்த நேரத்தில் தூக்கமில்லாமை, சாப்பிட மறுப்பது, பயிற்சிக்கு வரமாட்டேன் என்பது எல்லாம் தொடங்கினால், முன்பு நன்றாக இருந்தவர் ஏன் இப்படி ஆனார் என்று திகைக்க வேண்டாம். மனச்சோர்வுக்கு மருத்துவரிடம் அப்போதே சொல்லுங்கள். யாராவது ஒருவர் விடுப்பு எடுக்க முடியும் என்றால், முதல் வாரத்தைவிட இந்த வாரத்துக்கு அதை எடுத்து வையுங்கள்.